கொலுசு விற்ற பணம் 19 நாள் நின்ற கதை

செவ்வாப்பேட்டையில் சின்னதாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெளியூர் ஆட்களுக்கு பேமெண்ட் லிங்க் அனுப்பி விற்பேன். அவர்கள் கட்டும் பணம் பேமெண்ட் கேட்வே நிறுவனத்துக்குப் போய், இரண்டு வேலை நாளில் என் வங்கிக்கு வந்துவிடும். தீபாவளிக்கு முன்பு திடீரென நின்றது. 14 ஆர்டர், மொத்தம் 1,86,400 ரூபாய். காரணம் சொல்லவில்லை. கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது.

முதலில் வங்கிக்குப் போனேன். அங்கிருந்த அக்கா, "யூடிஆர் நம்பர் இருக்காங்கண்ணா?" என்று கேட்டார். அதுதான் திருப்பம். யூடிஆர் என்பது ஒவ்வொரு வங்கிப் பரிமாற்றத்துக்கும் கிடைக்கும் தனி எண். கேட்வே தரும் செட்டில்மெண்ட் அறிக்கையில் அது இருந்தால் பணம் கேட்வேயை விட்டுக் கிளம்பிவிட்டது, தேட வேண்டியது வங்கியில். எண்ணே இல்லையென்றால் பணம் இன்னும் அவர்களிடமே இருக்கிறது. என் 14 வரியிலும் அந்தக் கட்டம் காலி. அப்படியானால் இது தாமதமில்லை, நிறுத்தி வைப்பு. இரண்டுக்கும் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

அதுவரை "எப்போ வரும்?" என்றே எழுதிக்கொண்டிருந்தேன். அப்புறம் மூன்று கேள்வி மட்டும் எழுதினேன். நிறுத்தியது முழுக் கணக்கையா, குறிப்பிட்ட பணத்தையா? ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி? என்ன ஆவணம் கொடுத்தால் விடுவிப்பீர்கள்? ஒவ்வொரு பேமெண்ட் ஐடிக்கும் எதிரே ஜிஎஸ்டி பில், கூரியர் ரசீது, டெலிவரி ஆன கையெழுத்துப் படம் என்று வரிசையாக இணைத்தேன். இதற்கே இரண்டு ராத்திரி ஆனது. வெள்ளிக்கட்டி கொடுத்தவருக்குப் பணமும் பட்டறை ஆட்களுக்குக் கூலியும் சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தேன், தூக்கம் எங்கே வரும்.

இதை சப்போர்ட் டிக்கெட்டில் போடாமல் நோடல் அதிகாரிக்கு அனுப்பினேன். புகார்களுக்கென ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்பது இப்படி வியாபாரிகளுக்காகப் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் அக்ரிகேட்டர்களுக்கான ரிசர்வ் வங்கியின் 2020 வழிகாட்டுதலிலேயே இருந்தது. மின்னஞ்சல் முகவரி அவர்கள் தளத்தின் அடியில், குறை தீர்ப்புப் பக்கத்தில் கிடைத்தது. பழைய டிக்கெட் எண்களையும் தேதிகளையும் மேலேயே எழுதினேன்.

நான்காம் நாள் ஒரு பெண் அலுவலர் அழைத்தார். "சார், பதிவு பண்ணும்போது ஃபேன்சி அணிகலன்னு போட்டிருக்கீங்க. இப்ப வெள்ளி விக்கிறீங்க, அதுலயும் ஒரே ஆர்டர் 48,500. அதான் சிஸ்டம் நிறுத்திடுச்சு" என்றார். உண்மைதான். மூன்று வருடம் முன்பு கவரிங் விற்கத்தான் கணக்கு தொடங்கினேன். வியாபாரம் மாறியதைச் சொல்லாதது என் தவறு. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் பட்டறைக் கூலி நின்றிருக்காது. இதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

வகையை மாற்றி, ஜிஎஸ்டி சான்றிதழைக் கொடுத்தேன். 19ஆம் நாள் 13 ஆர்டருக்கான 1,37,900 ரூபாய்க்கு யூடிஆர் எண் வந்தது, கட்டணம் போக மீதி அன்று மாலையே கணக்கில். அந்த 48,500 மட்டும், வாடிக்கையாளரிடம் அவர்கள் நேரடியாக உறுதி செய்த பிறகு, அடுத்த வாரம் விடுவிக்கப்பட்டது.