நான்கு மில்லிமீட்டர் ஊசி: இன்சுலின் தொடங்கும் இருவர் பற்றிய நாட்குறிப்பு

ஜூன் 2, திங்கள்

இன்சுலின் பயிற்சிக்கு இன்று இரண்டு பேர். ஒருவருக்கு வயது 46. மூன்று வகை மாத்திரை போட்டும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 230-க்குக் கீழே இறங்கவில்லை. இன்னொருத்தி 7 வயதுச் சிறுமி. டைப் 1 சர்க்கரை நோய், அதாவது உடம்பே இன்சுலின் சுரக்காத வகை. வார்டிலிருந்து வீட்டுக்குப் போய் நான்கு நாள் ஆகிறது. இருவர் சீட்டிலும் ஒரே வரிதான்: "ஊசிக்குப் பயம்." இந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பயம் என்று தெரிய வேண்டும்.

பெரியவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கும்போது உங்களுக்கு என்ன ஆகும்?" என்றுதான். "அது ஒண்ணும் ஆகாதுங்க, இன்சுலின்தான் வேண்டாம்" என்று பதில் வந்தால் பயம் ஊசி மேல் இல்லை, இன்சுலின் என்றாலே கடைசிக் கட்டம் என்ற எண்ணத்தின் மேல். அதற்குப் பேச்சுதான் மருந்து. இவர் சொன்னது வேறு. "கையில பட்டையைக் கட்டும்போதே காது அடைக்கும், வேர்க்கும், கண்ணு இருட்டும். ரெண்டு தடவை நாற்காலியிலிருந்து சரிஞ்சிருக்கேன்."

இது மயங்கி விழும் வகை. சிறுமிக்கு இருப்பது அதுவல்ல. அவள் ஓடுகிறாள், உதைக்கிறாள், கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறாள்.

ஜூன் 3, செவ்வாய்

பெரும்பாலான பயங்களில் இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், அவ்வளவுதான். மயங்கும் வகையில் முதலில் கொஞ்சம் ஏறிவிட்டுச் சடாரென்று இறங்கும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து ஆள் சரிந்துவிடுவார். இவரிடம் போய் "உடம்பைத் தளர்த்துங்க, மெதுவா மூச்சு விடுங்க" என்றால் இறங்குகிற அழுத்தத்தை இன்னும் இறக்கிவிடுவதாகத்தான் முடியும். நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் தவறான யோசனை இது.

இவருக்குத் தேவை நேர் எதிரானது: தசையை இறுக்குவது. ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரன் ஊஸ்ட் என்ற உளவியலாளர் 1980-களில் ஒழுங்குபடுத்திய முறை. உட்கார்ந்தபடி கை, கால், உடம்பு எல்லாவற்றையும் 10 முதல் 15 விநாடி இறுக்கிப் பிடிக்க வேண்டும். முகம் சூடாவது தெரியும், அதுதான் அடையாளம். பிறகு 20, 30 விநாடி விட வேண்டும். துவண்டு போகிற அளவுக்கு அல்ல, சாதாரண நிலைக்கு வந்தால் போதும். இப்படி ஐந்து சுற்று. மூச்சை அடக்கக் கூடாது. இதய நோயோ, கட்டுப்படாத ரத்த அழுத்தமோ, கண்ணில் ரத்தக்கசிவோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. இவருக்கு அப்படி எதுவும் இல்லை.

வீட்டில் ஊசியே இல்லாமல் தினமும் ஐந்து முறை பழகச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். ஒரு வாரம் தள்ளித் தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சிறுமிக்கு அந்த வசதி கிடையாது. டைப் 1-இல் இன்சுலினை நிறுத்தினால் ஒரு நாளுக்குள்ளேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறத் தொடங்கிவிடும். அவளுக்குப் பயத்தைக் குறைப்பதும் ஊசி போடுவதும் கூடவே நடந்தாக வேண்டும்.

ஜூன் 4, புதன்

சிறுமியின் அம்மா வீட்டு நடப்பைச் சொன்னார். அப்பா காலைப் பிடிக்கிறார், பாட்டி கையைப் பிடிக்கிறார், அம்மா குத்துகிறார். ஒரு வேளைக்கு 40 நிமிடம், நாளுக்கு நான்கு வேளை. "ஒரு தடவை தூங்கும்போது போட்டுட்டோம்க்கா, அப்புறம் தூங்கவே மாட்டேங்கிறா."

அதுதான் நடக்கும். தூக்கத்தில் குத்தினால் குழந்தைக்குத் தூக்கத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும். மல்லாக்கப் படுக்கவைத்து அழுத்தினால் பயம் இரட்டிக்கும். அதோடு, விறைத்த தொடையில் வலியும் கூடும்.

அவளிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, "ஊசி உனக்குள்ள எவ்வளவு தூரம் போகுதுன்னு வரைஞ்சு காட்டு" என்றோம். ஒரு கால் வரைந்தாள். அதற்குள் இன்சுலின் போடும் பேனா முழுவதையும் வரைந்தாள், மூடியோடு. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ஊசியின் வெளி உறை நீளமாக இருக்கிறது, அவள் பார்த்ததெல்லாம் அந்த உறையைத்தான். புது ஊசி ஒன்றைப் பிரித்து, உள் உறையையும் கழற்றி, ஸ்கேலின் பக்கத்தில் வைத்தோம். நான்கு சின்னக் கோடு. மூன்று முறை எண்ணினாள்.

தோலின் தடிப்பு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். 4 மில்லிமீட்டர் ஊசி அதைத் தாண்டிக் கொழுப்பில் நின்றுவிடும். வார்டில் இவர்களுக்குக் கொடுத்திருந்தது 8 மில்லிமீட்டர். ஒல்லியான தொடையில் அது தசை வரை போகும். வலிக்கும், இன்சுலினும் வேகமாக உறிஞ்சப்பட்டுச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். அவள் பயத்தில் பாதிக்கு உண்மையான காரணம் இருந்திருக்கிறது. ஊசியை மாற்றியாயிற்று.

வீட்டுக்குச் சொன்ன முறை இது. பேனாவை அவள் கண்ணில் படாமல் தயார் செய்துவிட்டுத்தான் கூப்பிட வேண்டும், ஏனென்றால் குத்துவதைவிடக் காத்திருப்பதுதான் கொடுமை. அம்மா மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து கட்டிக்கொள்ளட்டும். "போட்டுக்கலாமா?" என்று கேட்கவே கூடாது, "வேண்டாம்" என்று சொல்ல இடம் கொடுத்துவிட்டு அதை மீறுவது ஏமாற்று. "எந்தத் தொடை? நீ எண்ணுறியா, நான் எண்ணட்டுமா?" என்று கேட்கலாம். "வலிக்காது" என்றும் சொல்லக் கூடாது. "சுருக்குன்னு இருக்கும், நீ பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்பது பொய்யில்லாத வாக்கு.

பத்து எண்ணுவதில் ஒரு சௌகரியம் உண்டு. பொத்தானை அழுத்திய பிறகு ஊசியை எப்படியும் 10 விநாடி உள்ளே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து வெளியே கசியும். அவளுடைய எண்ணிக்கையே அந்தக் கடிகாரம்.

ஜூன் 6, வெள்ளி

பெரியவருக்குப் படிப்படியான பழக்கம். ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கிறோம். பாதியாகக் குறைந்தால்தான் அடுத்த படி. மூடிய பேனா மேசைமேல்: 3. உறை கழற்றிய ஊசி: 7. இங்கே முகம் வெளுத்தது, கொட்டாவி வந்தது. கொட்டாவியை விட்டுவிடக் கூடாது, மயக்கத்துக்கு முந்திய அறிகுறி அது. உடனே இறுக்கச் சொன்னோம். மூன்றாவது சுற்றில் நிறம் திரும்பியது, மதிப்பெண் 4. இன்று அங்கேயே நிறுத்தினோம்.

ஜூன் 10, செவ்வாய்

சாய்வு நாற்காலி, கால் உயரமாக. முதலில் மருந்தில்லாமல் ஊசியை மட்டும் வயிற்றில் வைத்தார். "இவ்ளோதானா?" என்றார். எல்லோரும் சொல்வதுதான். ரத்தம் பார்க்க விரல் நுனியில் குத்துவது இதைவிட வலிக்கும், அங்கே நரம்பு நுனிகள் நெருக்கம்.

மாலையில் உண்மை டோஸ். புது ஊசி மாட்டி, 2 யூனிட்டைக் காற்றில் தள்ளி நுனியில் சொட்டு வருகிறதா என்று பார்த்தார். பிறகு 10 யூனிட். இரு காலையும் இடது முஷ்டியையும் இறுக்கினார், வயிற்றை மட்டும் தளர்வாக விட்டார். மயக்கம் வரவில்லை.

அவர் மனைவிக்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது. குத்திய நிமிடத்திலேயே மயங்கினால் அது பயத்தால் வருவது, இன்சுலின் அதற்குள் வேலை செய்யாது. படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் போதும். சில மணி நேரம் கழித்து வியர்வை, நடுக்கம், பசி என்றால் உடனே சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே என்றால் அது தாழ்சர்க்கரை, 15 கிராம் குளுக்கோஸ் கொடுக்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

சிறுமிக்கு இப்போது ஒரு வேளைக்கு 5 நிமிடம். ஆனால் காலை ஊசி மட்டும் எரிகிறதாம். அம்மா பேனாவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போடுகிறார், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவும் விடுவதில்லை. குளிர்ந்த மருந்தும் எரியும், ஈர ஸ்பிரிட்டும் ஊசியோடு உள்ளே போனால் எரியும். பயன்பாட்டில் இருக்கும் பேனாவை 30 டிகிரிக்குக் கீழே வெளியிலேயே வைக்கலாம், பெரும்பாலான வகைகளுக்கு 28 நாள் வரை. சுத்தமான தோலுக்கு ஸ்பிரிட்டே தேவையில்லை.

மரத்துப்போகும் களிம்பு கேட்டார். தடவி ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், நாளுக்கு நான்கு முறை நடக்காது. சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரைத் தோலில் மாட்டும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 24, செவ்வாய்

பெரியவரின் குறிப்பேட்டில் 14 டோஸும் டிக் அடித்திருக்கிறது. காலைச் சர்க்கரை மட்டும் ஒரு நாள் 150, மறுநாள் 220. பேனாவை வாங்கிப் பார்த்தோம். நிறைந்த பேனாவில் 300 யூனிட். நாளுக்கு 10 மருந்து, 2 சோதனைச் சொட்டு, ஆக 12. 14 நாளுக்கு 168 போனால் 132 மீதி இருக்க வேண்டும். சொட்டுப் பார்க்காமலே போட்டிருந்தாலும் 160-தான். பேனாவில் சுமார் 190 இருந்தது. ஏறக்குறைய ஐந்து டோஸ் போடவே இல்லை.

இதைக் குற்றச்சாட்டாகக் கேட்டால் அடுத்த முறை மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வருவார்கள். "எந்த நாள் கஷ்டமா இருந்துச்சு சார்?" என்றுதான் கேட்டோம். மனைவிக்கு இரவு வேலை உள்ள நாட்கள். தனியாக இருக்கும்போது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். குத்துவதில் இப்போது அவருக்குச் சிக்கல் இல்லை. மருத்துவர் ஊசி நேரத்தைக் காலைக்கு மாற்றினார், மனைவி வீட்டில் இருக்கும் நேரம்.

செப்டம்பர் 4, வியாழன்

சிறுமி மூன்று மாதப் பரிசோதனைக்கு வந்தாள். தானே பொத்தானை அழுத்துகிறாள். ஆனால் வலது தொடையில் ஒரே இடத்தில் விரலுக்கு ரப்பர் மாதிரி ஒரு மேடு தட்டுப்பட்டது. "அங்கதான் வலிக்காது" என்கிறாள். உண்மைதான். திரும்பத் திரும்பக் குத்தினால் கொழுப்பு தடித்து உணர்ச்சி குறைந்துவிடும். பயந்த குழந்தை அந்த இடத்தைத் தேடிக்கொண்டே போகும். அங்கே போடும் இன்சுலின் ஒரு நாள் தாமதமாகவும் ஒரு நாள் குறைவாகவும் உறிஞ்சப்படும்.

மேட்டை விட்டு நல்ல இடத்துக்கு மாறினால் அதே டோஸ் அதிகமாக வேலை செய்யும். அதனால் மருத்துவர் முதலில் டோஸைக் குறைத்துக் கொடுத்தார், சில நாளைக்குச் சர்க்கரையை அடிக்கடி பார்க்கவும் சொன்னார். புது இடம் வலிக்கும் என்று அவளிடமும் ஒளிக்கவில்லை. இரண்டு தொடைக்கும் கட்டம் போட்ட படம் ஒன்று வரைந்து கொடுத்தோம். குத்திய கட்டத்தை அவளே கலர் அடிக்க வேண்டும், அடுத்தது ஒரு விரல் அகலமாவது தள்ளி. மேடு இருக்கும் கட்டத்தைக் கறுப்பாக அடித்துவிட்டு, இன்றிரவுக்கான கட்டத்தைத் தேர்ந்தெடுக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். இடது தொடை, மேல்வரிசை, மூன்றாவது.