சீசன் நேரத்தில் பழைய மேனேஜரிடம் ரெஃபரன்ஸ் லெட்டர் வாங்கிய கதை

ஜெர்மனியில் உணவுத் தொழில்நுட்ப மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். கடைசி நாள் ஜூலை 15. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் கம்பெனியில் வேலை பார்த்த யாருக்கும் இந்தத் தேதியைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். அது பெங்களூரா மாம்பழ வரத்து உச்சத்தில் இருக்கும் நேரம். கேட்டுக்கு வெளியே ரோடு வரைக்கும் டிராக்டரும் லாரியும் நிற்கும். மேனேஜராக இருப்பவர் போனை எடுப்பதே பெரிய விஷயம். அப்படிப்பட்ட ஒருவரிடம் உட்கார்ந்து கடிதம் எழுதித் தாருங்கள் என்று கேட்க வேண்டும்.

மார்க் ஷீட், மொழித் தேர்வு, பாஸ்போர்ட் எல்லாம் தொந்தரவில்லாமல் முடிந்துவிட்டன. மாட்டிக்கொண்டது வேலை பார்த்த இடத்திலிருந்து கேட்ட ஒரே ஒரு ரெஃபரன்ஸ் லெட்டரில்தான்.

முதலில் பழைய கம்பெனி ஆபீசுக்கே போனேன். சர்வீஸ் சர்டிபிகேட் ஏற்கெனவே கையில் இருந்தது. ஆனால் அதில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, ‘நன்னடத்தை உடையவர்’ என்ற ஒரு வரி, இவ்வளவுதான் இருக்கும். படிப்புக்குக் கேட்பது அதுவல்ல. என்னோடு நேரடியாக வேலை பார்த்த ஒருவர், நான் என்ன செய்தேன், எப்படிச் செய்தேன் என்று தன் பேரில் எழுத வேண்டும். இதை ஆபீசில் இருந்தவரிடம் சொன்னதும், “லெட்டர்ஹெட்ல எதுவா இருந்தாலும் ஹெட் ஆபீஸ் பர்மிஷன் வேணும்மா, எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றார். எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அந்தக் காகிதம் எந்த ஃபைலில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. மறுபடி எழுதிக் கொடுக்கச் சொன்னார். காவேரிப்பட்டணத்திலிருந்து பஸ் பிடித்துப் போன எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

என் மேனேஜர் அப்போது அந்தக் கம்பெனியிலேயே இல்லை. சித்தூர்ப் பக்கம் இன்னொரு கூழ் கம்பெனிக்குப் போய்விட்டார். ஆபீஸ்காரர் அதையும் ஒரு காரணமாகச் சொன்னார்: “அவரு இப்ப நம்ம ஸ்டாஃபே இல்லியே, அவரு எப்படிக் குடுப்பாரு?” பாதிப் பேர் இந்த இடத்தில்தான் திரும்பிவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டுக் கேட்டேன். கடிதம் தருபவர் அந்தக் காலத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்திருந்தால் போதும், இப்போது எங்கே வேலை பார்த்தாலும் பரவாயில்லை, ஆனால் இப்போதைய பதவியையும் அன்றைய பதவியையும் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று பதில் வந்தது. பழைய கம்பெனியின் லெட்டர்ஹெட் வேண்டியதில்லை. சொந்த ஜிமெயிலிலிருந்து மட்டும் வரக்கூடாது, ஆபீஸ் மெயில் ஐடி வேண்டும். உங்கள் படிப்புக்கு விதி வேறாக இருக்கலாம். அதனால் கம்பெனி வாசலில் போய் நிற்கும் முன் ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

சாருக்கு எப்போது போன் செய்வது என்பதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. அவர் நாள் எப்படி ஓடும் என்று தெரியும். காலை ஷிஃப்ட் மாறி, பழம் இறக்க ஆரம்பிக்கும் முன் கையில் டீயோடு ஐந்து நிமிடம் உட்காருவார். அந்த நேரம் பார்த்து அடித்தேன். எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், “தாராளமா தரேன்மா. நீயே எழுதி அனுப்பிடு, நான் கையெழுத்துப் போட்டுடறேன்” என்றார்.

நம் ஊரில் இது நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வரும் ஆன்லைன் படிவத்திலேயே, இதை நானே எழுதினேன் என்று டிக் போடும் கட்டம் ஒன்று இருந்தது. எனக்காக அவர் அங்கே பொய் சொல்ல வேண்டாம். இன்னொரு சிக்கலும் உண்டு. என் நோக்க அறிக்கையும் அவர் கடிதமும் ஒரே நடையில், ஒரே வார்த்தைகளோடு இருந்தால் படிப்பவர்களுக்குத் தெரியாமலா போகும்? “சார், கடிதம் நீங்க எழுதுங்க. என்ன எழுதலாம்னு ஞாபகப்படுத்தி ஒரு பக்கம் நான் அனுப்பறேன்” என்றேன். “அப்ப சரி, ஆனா சுருக்கமா அனுப்பு, சீசன் ஓடிட்டிருக்கு” என்றார்.

அந்த ஒரு பக்கத்துக்குத்தான் நான் அதிகமாக மெனக்கெட்டேன். ‘கடின உழைப்பாளி’, ‘குழுவோடு இணைந்து செயல்படுபவர்’ என்றெல்லாம் நானே என்னைப் பற்றி எழுதி அனுப்பினால் அதை வைத்து அவர் என்ன செய்வார்? அவரும் நானும் சேர்ந்து பார்த்த வேலைகளில், அவர் தன் கண்ணால் பார்த்த இரண்டை மட்டும் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் எந்த சீசன், என்ன பிரச்சினை, நான் என்ன செய்தேன், கடைசியில் என்ன ஆனது என்று சில வரிகள்.

முதலாவது, பை உப்பிய விவகாரம். 215 கிலோ டிரம்களில் போகும், கிருமி புகாமல் கூழை அடைக்கும் அசெப்டிக் பைகள் சில, குடோனில் வைத்த கொஞ்ச நாளில் உப்ப ஆரம்பித்தன. பை உப்பினால் உள்ளே புளித்து வாயு சேர்கிறது என்று அர்த்தம். பழத்தில்தான் கோளாறு என்று எல்லோரும் சொன்னார்கள். சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸ், புளிப்பைக் காட்டும் பிஎச் இரண்டும் சரியாக இருந்தன. நான் உப்பிய டிரம் நம்பர்களை எழுதி, அவை எந்த நேரத்தில் நிரப்பப்பட்டவை என்று ஃபில்லர் ரிஜிஸ்டரில் பார்த்தேன். அப்புறம் அதே நேரத்து வெப்பநிலை சார்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பையின் வாயைத் திறக்கும் முன் நீராவியால் சுத்தப்படுத்தும் இடத்தில், அந்த நேரங்களில் மட்டும் கோடு கீழே இறங்கியிருந்தது. டின் பகுதியிலும் அதே சமயம் நீராவி எடுத்ததால் பாய்லர் அழுத்தம் விழுந்திருக்கிறது. சார்ட்டை சாரிடம் காட்டியபோது இரவு ஷிஃப்ட். அவரே பாய்லர் ஹவுஸுக்கு நடந்து போய்ப் பார்த்தார். இந்தக் கடைசி வரியையும் சேர்த்து எழுதினேன். மற்றதெல்லாம் மறந்திருந்தாலும், ராத்திரியில் பாய்லர் ஹவுஸ் வரை நடந்தது அவருக்கு ஞாபகம் வராமல் போகாது.

இரண்டாவது, எத்திலீன் பழுக்க வைக்கும் அறை. கார்பைடு கல்லுக்குத் தடை இருப்பதும், எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை பயன்படுத்தலாம் என்பதும் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அறை போட்ட முதல் சீசனில், ஒரே அறையில் மேல் அடுக்குப் பழம் ஒரு பக்குவத்திலும் கீழ் அடுக்கு வேறு பக்குவத்திலும் வந்தன. கிரேட்டுகளுக்கு நடுவே காற்று போக இடைவெளி விட்டு அடுக்கிப் பார்க்கலாம் என்று நான் சொன்னதும், அவர் ஒரு அறையை மட்டும் அப்படி அடுக்க விட்டதும், அடுக்கு வாரியாக பிரிக்ஸ் எடுத்து ஒப்பிட்டதும்தான் அந்தப் பத்தி.

எதிலும் என் பங்கைக் கூட்டிச் சொல்லவில்லை. ‘பாய்லர் வால்வை மாற்றியது மெயின்டனன்ஸ் ஆட்கள், நான் காரணத்தைக் கண்டுபிடித்தது மட்டும்’ என்று தெளிவாகவே எழுதினேன். நாளைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து யாராவது அவரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் இரண்டு பேர் சொல்வதும் ஒன்றாக இருக்கும்.

பக்கத்தின் தலையில் தேதியைக் கொட்டை எழுத்தில் போட்டேன்: “போர்ட்டல் மூடுவது ஜூலை 15. ஜூலை 5க்குள் கிடைத்தால், ஏதாவது தகராறு வந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்கும்.” பொய்த் தேதி சொல்லி அவசரப்படுத்தவில்லை. இரண்டு தேதியையும் காரணத்தோடு சொல்லிவிட்டேன். இன்னொன்றையும் கவனியுங்கள். ஜூலை 15 இரவு 11:59 என்றால் அது ஜெர்மனி நேரம். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம் இருப்பதால் நம் கடிகாரத்தில் 16ஆம் தேதி அதிகாலை 3:29 ஆகும். நமக்குச் சாதகம்தான், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். விண்ணப்பத்துக்கு மட்டுமல்ல, கடிதம் தருபவர் பதிவேற்றுவதற்கும் அதே கெடுதான்.

இனிமேல் சுலபம் என்று நினைத்தேன். போர்ட்டலில் சாருடைய ஆபீஸ் மெயிலைப் போட்டதும், லிங்க் அனுப்பியாகிவிட்டது என்று திரையில் வந்தது. சாருக்கு வரவில்லை. ஸ்பேமிலும் இல்லை. ஜூலை 5 போயே போய்விட்டது. அவருக்கு வாட்ஸ்அப்பில் நினைவூட்டினால், “நீ அனுப்பவே இல்லியேம்மா” என்கிறார். போர்ட்டல் உதவி மையத்துக்கு எழுதினால், ‘மெயில் வெற்றிகரமாகச் சென்றுவிட்டது’ என்று ஒரு வரிப் பதில் வருகிறது. இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். அவர் கம்பெனி மெயில் சர்வர், வெளிநாட்டிலிருந்து லிங்க்கோடு வந்த அந்த மெயிலை உள்ளே விடாமல் தனியாகப் பிடித்து வைத்திருந்தது. அது அவருடைய ஸ்பேம் பெட்டிக்குக்கூட வராது, கம்பெனி ஐடி ஆள்தான் எடுத்து விட வேண்டும்.

அதனால் சாரிடம் மறுபடி மறுபடி “வந்துச்சா சார்?” என்று கேட்பதை நிறுத்திவிட்டு, அவர் அப்படியே ஐடி ஆளுக்கு ஃபார்வர்டு செய்யக்கூடிய மாதிரி ஒரு செய்தி அனுப்பினேன். எந்த முகவரியிலிருந்து மெயில் வரும், அதன் தலைப்பு வரி என்ன, எந்தத் தேதி எத்தனை மணிக்குப் போனது என்று மூன்று விவரம், கூடவே ‘இதை விடுவித்துத் தர முடியுமா’ என்று ஒரு வரி. அன்று சாயங்காலமே மெயில் அவர் பெட்டிக்கு வந்துவிட்டது. ஆனால் திறந்தால் லிங்க் காலாவதி! போர்ட்டலில் விண்ணப்பதாரர் பக்கத்தில் Resend என்ற பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினேன். ஐடி ஆள் ஏற்கெனவே அந்த முகவரியை அனுமதித்திருந்ததால் இந்த முறை நேராகப் போய்ச் சேர்ந்தது. மெயில் முகவரியை மட்டும் மாற்றிப் பார்க்காதீர்கள். நான் பயன்படுத்திய போர்ட்டலில், ஒருமுறை அனுப்பிய பிறகு மாற்ற உதவி மையம்தான் செய்ய வேண்டும், அதற்குத் தனியாகக் காத்திருக்க வேண்டும்.

படிவத்தில் ஒரு இடத்தில் சார் தடுமாறினார். இவரைப் போன்றவர்களோடு ஒப்பிட்டால் மேல் 5 சதவீதமா, 10 சதவீதமா, 25 சதவீதமா என்று ஒரு கேள்வி. “எங்கிட்ட இருந்த கெமிஸ்ட்டே கொஞ்சம் பேரு, இதுல எப்படிம்மா சதவீதம் போடறது?” என்று கேட்டார். உங்களுக்கு எது உண்மை என்று படுகிறதோ அதைப் போடுங்கள் சார் என்று விட்டுவிட்டேன். என்ன போட்டார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

ஜூலை 12 இரவு, என் பக்கத்தில் ‘நிலுவை’ என்றிருந்தது ‘பெறப்பட்டது’ என்று மாறியது. கொஞ்ச நேரத்தில் சாரிடமிருந்து வாட்ஸ்அப்: “பாய்லர் மேட்டரையே ஒரு பக்கம் எழுதிட்டேன்மா.” மூன்று நாள் மிச்சம் வைத்து முடிந்த நிம்மதியில் அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

பழைய கம்பெனியின் ஹெட் ஆபீஸிலிருந்து ஆகஸ்டில் ஒரு மெயில் வந்தது. என் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறதாம். எதற்காகக் கடிதம் தேவை என்று ஒரு விளக்கமும் இணைக்க வேண்டுமாம்.