கொழுப்பைக் கழித்த கறிக்குழம்பும் கல்லில் வறுத்த மீனும்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பது மாறாது. மாறியது கடலெண்ணெய்த் தூக்கு காலியாகும் வேகம்தான். குழம்புக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறோம் என்று யாரும் அளந்ததில்லை. சட்டியில் ஊற்றுவதற்கு முன் கிண்ணத்தில் ஊற்றி அளந்து பார்த்தபோது, ஒரு கிலோ கறிக்கு 100 மில்லிக்குக் குறையவில்லை. எண்ணெயைக் குறைப்பதுதான் முதல் வேலை என்று நினைத்துத் தொடங்கினேன். கறியை எடை போட்டுப் பார்த்த பிறகு வேலையின் வரிசையே மாறிவிட்டது.

கடையில் கலந்து வாங்கிய ஒரு கிலோ வெள்ளாட்டுக் கறியில், நெஞ்செலும்புத் துண்டிலும் விலாவிலும் ஒட்டியிருந்த வெள்ளைக் கொழுப்பை மட்டும் தனியாக எடுத்துத் தராசில் வைத்தேன். 90 கிராம் வந்தது. அதில் ஈரமும் சவ்வும் போக 75 கிராமாவது சுத்தக் கொழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம். ஆக, நான் ஊற்றாத ஐந்து கரண்டிக்கு மேற்பட்ட கொழுப்பு கறியோடு சேர்ந்தே சட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. தாளிக்கும் எண்ணெயில் ஒரு கரண்டியைக் குறைத்துவிட்டு இதை விட்டுவைப்பதில் பொருளில்லை.

தொடைக்கறியாகக் கேட்டு வாங்கினால் பாதி வேலை கடையிலேயே முடிந்துவிடும். எலும்போடு வெட்டிய பிறகு கொழுப்பை எடுப்பது சிரமம் என்பதால், துண்டு போடும் முன்பே எடுத்துவிடச் சொல்ல வேண்டும். “எடை போட்ட பிறகுதான் எடுப்பேன், பரவாயில்லைங்களா?” என்பார் கடைக்காரர். பரவாயில்லை. வெள்ளாட்டில் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு. குண்டிக்காயைச் சுற்றியும் குடலைச் சுற்றியும்தான் அது சேரும். செம்மறியில் தோலுக்கடியிலேயே கனமாகப் படிந்திருக்கும். வீட்டில் எடுப்பதாக இருந்தால், கழுவாத கறியை அரைமணி நேரம் உறைபெட்டியில் வைத்து எடுக்கிறேன். கொழுப்பு இறுகி, கத்தியில் வழுக்காமல் பட்டையாக வரும். வெதுவெதுப்பான கறியில் முயன்றால் கொழுப்போடு சதையும் சேர்ந்து பிய்ந்துவிடும். சதைக்குள் நூல் நூலாக ஓடுவதைத் தேடிப் பிடிக்கக் கூடாது. அது அங்கேயே இருக்கட்டும், கறி வறளாமல் இருப்பது அதனால்தான்.

அடுத்த கட்டம் சனிக்கிழமை மாலையே தொடங்குகிறது. கறி, மஞ்சள், உப்பு, தட்டிய இஞ்சி, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், இரண்டு டம்ளர் தண்ணீர். எண்ணெய் ஒரு சொட்டும் இல்லாமல் குக்கரில் வேகவைத்து, சாற்றை வடித்து அகலப் பாத்திரத்தில் ஊற்றி, சூடு தணிந்தவுடன் குளிர்பெட்டியில் வைக்கிறேன். கறியைத் தனியாக மூடி வைக்கிறேன். இரவு முழுதும் அடுப்பு மேடையில் விட்டுவைப்பது எங்கள் ஊர் வெயிலுக்கு ஆகாது. இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். காலையில் சாற்றின் மேல் வெள்ளைத் தகடு உறைந்திருக்கும். எண்ணெய் சேர்க்காததால் அது முழுக்க ஆட்டின் கொழுப்பு. கரண்டியால் தூக்கினால் வில்லையாக வருகிறது. 30 கிராம் அளவுக்குக் கிடைத்தது. அதற்கடியில் சாறு அல்வாப் பதத்தில் தளதளவென்று நிற்கும். அது எலும்பிலிருந்தும் சவ்விலிருந்தும் இறங்கிய பசை, கொழுப்பல்ல. அதையும் வழித்து எறிந்துவிட்டால் குழம்பு தண்ணீராய்ப் போகும்.

இனித் தாளிப்பு. இரும்புச் சட்டியில் கடலெண்ணெய் ஒரே மேசைக்கரண்டி. அதற்கும் கீழே போவது எனக்குச் சரிப்படவில்லை. மிளகாயின் காரமும் மஞ்சளின் நிறமும் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். எண்ணெயே இல்லாவிட்டால் மசாலா குழம்போடு சேராமல் தனித்து நிற்கிறது. சோம்பு பொரிந்ததும் கால் கிலோ சின்ன வெங்காயத்தைப் போட்டு, சிட்டிகை உப்புச் சேர்த்து மூடிவைத்தால் அதன் தண்ணீரிலேயே வதங்கும். அடிபிடிக்கும்போது கறிச்சாறு ஒரு கரண்டி தெளித்துச் சுரண்டிவிட வேண்டும். மல்லி, வரமிளகாய், சீரகம், மிளகை வெறும் சட்டியில் வறுத்துத் தண்ணீர்விட்டு விழுதாக அரைக்கிறேன். பொடியாகவே இந்தக் குறைந்த எண்ணெயில் போட்டால் நொடியில் கருகிக் கசந்துவிடும். காரம் வழக்கத்தைவிடத் தூக்கலாகத் தெரிவதால் பத்து மிளகாய் எட்டாகிவிட்டது.

“எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை” என்பது நம் சமையலில் பொதுவாகச் சொல்லும் பதம். இந்தக் குழம்பில் அது வராது. வரும் என்று காத்திருந்தால் அடிதான் பிடிக்கும். விழுது சட்டியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு, பச்சை மல்லி வாசம் போய்விட்டால் போதும். சாற்றையும் கறியையும் ஊற்றிக் கொதிக்கவிடலாம்.

தேங்காயைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. நூறு கிராம் தேங்காய்த் துருவலில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, அதாவது இரண்டு கரண்டிக்கு மேல் எண்ணெய். கொங்குக் குழம்பிலிருந்து தேங்காயை முழுதும் எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. வழக்கமாகப் போடும் தேங்காயில் பாதியும் இரண்டு கரண்டி பொட்டுக்கடலையுமாக அரைத்து ஊற்றினால் அதே கனம் கிடைக்கிறது. “குழம்பு என்ன கண்ணு, பளபளப்பே இல்லை?” என்றார் அம்மிச்சி. பளபளப்பு இல்லைதான். இட்லிக்கு இரண்டாவது கரண்டியும் வாங்கிக்கொண்டார்.

மீன் வேறு கணக்கு. எங்கள் பக்கம் பவானிசாகர், மேட்டூர் அணை மீன்தான் அதிகம்: கட்லா, ரோகு, ஜிலேபி. பெரிய கட்லாவின் வயிற்றுக்குள் மஞ்சளாகக் கொழுப்பு இருக்கும். சுத்தம் செய்யும்போதே எடுத்துவிடச் சொல்லலாம். வறுவலில் எண்ணெயைக் குடிப்பது பெரும்பாலும் மீனைவிட அதன்மேல் பூசிய மாவுதான். சோள மாவு, மைதா இரண்டையும் விட்டுவிட்டேன். துண்டை உலரத் துடைத்து, மிளகாய்த்தூள், மிளகு, இஞ்சி பூண்டு, எலுமிச்சைச் சாறு சேர்த்த கெட்டி விழுதை மெல்லிதாகத் தடவி அரைமணி வைக்கிறேன். விழுது நீர்த்திருந்தால் கல்லில் வழிந்து கருகும். இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துத் துண்டுகளை வைத்து, ஓரங்களில் மட்டும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடுகிறேன். நடுத்தரத் தீயில் முதல் பக்கம் மூடிவைத்து, இரண்டாம் பக்கம் மூடாமல். திருப்பியைக் கொடுத்தால் தானாகக் கழன்று வர வேண்டும். ஒட்டிக்கொண்டால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று பொருள். அவசரப்பட்டால் தோல் கல்லிலேயே தங்கிவிடும். பொரித்த மீனின் மொறுமொறுப்பு இதில் கிடைக்காது. அதை ஈடுகட்டும் வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கருவாட்டைச் சந்தையில் எடுக்கும்போதே பார்த்துவிட வேண்டும். மத்தி போன்ற எண்ணெய் மீன்கள் காய்ந்து நாளானால் வயிற்றோரம் துருப்பிடித்த மஞ்சளாகி, பழைய எண்ணெய் வாடை அடிக்கும். அது கெட்டுப்போன கொழுப்பு, கழுவினாலும் போகாது. நெத்திலியில் இந்தத் தொல்லை குறைவு. தலையைக் கிள்ளி, வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு அலசுகிறேன். தொக்கில் எண்ணெயை உறிஞ்சுவது கருவாடு அல்ல, கூடப் போடும் கத்தரிக்காய். அதை முன்பே ஆவியில் வேகவைத்துவிட்டால் வெங்காயம் தக்காளி வதக்க இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதுமானது. அரிசி கழுவிய நீரில் புளி கரைத்து ஊற்றினால் கொஞ்சம் கெட்டிப்படும். ஆனால் எண்ணெயைக் குறைப்பதால் கருவாட்டின் உப்பு குறைவதில்லை. எண்ணெய் குறைந்த தொக்கில் அது முன்னைவிட நாக்கில் தூக்கலாகவே படுகிறது. அதனால் தொக்குக்குத் தனி உப்பு போடுவதில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் என் மாமனாருக்கு, எண்ணெய் எவ்வளவு குறைந்தாலும், கருவாடு மாதத்துக்கு ஒருமுறைதான்.