23 நிமிடத்தில் கைநழுவ இருந்த இடம்

சனிக்கிழமை நடந்தது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை. காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு அப்படியே மறந்துபோகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

பழைய புத்தகங்களையும் காகிதங்களையும் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் மூன்று நாள் பட்டறை, ஜார்ஜ் டவுனில். மொத்தம் 12 பேர், கட்டணம் 950 வெள்ளி. அப்பா சேர்த்து வைத்த தமிழ் மாத இதழ்கள் தொட்டாலே உதிர்கின்றன, அதனால்தான் இந்த ஆசை. நான் பார்த்தபோதே இடம் நிரம்பிவிட்டது. பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்ந்தேன், கிடைக்காது என்றே இருந்துவிட்டேன்.

மின்னஞ்சல் வந்தது வெள்ளி இரவு 10:47க்கு. நான் பார்த்ததோ சனிக்கிழமை மதியம் ஒரு மணி வாக்கில். ஜிமெயில் அதை Promotions பக்கத்தில், இரண்டு செருப்புக்கடை விளம்பரங்களுக்கு நடுவே தள்ளி வைத்திருந்தது. வேறு எதையோ தேடப்போய்க் கண்ணில் பட்டது. பட்டியலில் பெயர் கொடுத்தவுடன் ஒரு உறுதி மடல் வரும் இல்லையா, அதை அன்றைக்கே Primary பக்கத்துக்கு இழுத்துப் போட்டிருக்க வேண்டும். அடுத்த மடல் பெரும்பாலும் அதே இடத்துக்கு வந்திருக்கும்.

மடலில் 'Claim your spot' என்று ஒரு பொத்தான். கீழே பொடி எழுத்தில், இந்த இடம் 14:47 UTC வரை உங்களுக்காக வைக்கப்பட்டிருக்கும், அதன்பின் அடுத்தவருக்குப் போகும் என்று ஒரு வரி. மணியைப் பார்த்தேன், 1:10. இரண்டே முக்காலுக்கு முடிந்துவிடும் என்று நினைத்து, அடுப்பில் இருந்த சாம்பாரைக்கூட இறக்காமல் மடிக்கணினியைத் திறந்தேன். பத்து நிமிடம் தட்டுத் தடுமாறிய பிறகுதான் அந்த மூன்று எழுத்துகள் உறைத்தன. UTC என்றால் உலகப் பொது நேரம், நம் மலேசிய நேரம் அதற்கு எட்டு மணி முன்னால். அதாவது இரவு 10:47. பட்டறை நடத்துபவர்கள் பினாங்குக்காரர்கள்தான், ஆனால் பதிவு செய்யும் தளம் வெளிநாட்டுடையது, அது தன் கணக்கில் நேரம் போடுகிறது. எனக்கு இதில் எட்டு மணி நேரம் லாபம். அமெரிக்கா மாதிரி UTCக்குப் பின்னால் இருக்கும் ஊர்க்காரருக்கு இதே குழப்பம் நஷ்டமாக முடிந்திருக்கும்.

சரி, நேரம் இருக்கிறதே என்று நிதானமாகப் பொத்தானை அழுத்தினேன். அழுத்தினால் இடம் கிடைத்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. விவரப் படிவம், அதற்கப்புறம் முழுக் கட்டணம். பணம் ஏறினால்தான் உறுதி. நீங்கள் பொத்தானை அழுத்தினீர்கள் என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது.

படிவத்தில் முதல் முட்டுக்கட்டை நம் பெயர்தான். அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயர் வேண்டும் என்கிறது. அதன்படியே a/p போட்டு எழுதினால், 'எழுத்துகள் மட்டும்' என்று சிவப்பில் திட்டுகிறது. அந்தச் சாய்கோடுதான் அதற்குப் பிடிக்கவில்லை. கோட்டை எடுத்துவிட்டு AP என்று சேர்த்து எழுதினேன், ஏற்றுக்கொண்டது. சான்றிதழில் சரியாக வர வேண்டுமே என்று நடத்துபவர்களுக்குத் தனியாக ஒரு வரி எழுதி அனுப்பினேன். நம்மவர்கள் எல்லாருக்கும் பழகிப்போன கூத்து இது.

அடுத்து FPX. என் வங்கியைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனால், கைப்பேசிச் செயலியில் அனுமதி கொடுக்கச் சொன்னது. அங்கேதான் சிக்கினேன். அன்று காலைதான் லோ யாட்டில் புதுக் கைப்பேசி வாங்கி, 11:10க்கு வங்கிச் செயலியை அதற்கு மாற்றியிருந்தேன். புதிதாக ஒரு கைப்பேசியைப் பதிந்தால் 12 மணி நேரம் அதிலிருந்து அனுமதி கொடுக்க முடியாது. மோசடிகளைத் தடுக்க 2022இல் பேங்க் நெகாரா வங்கிகளுக்கு விதித்த ஏற்பாடுகளில் இந்தக் காத்திருப்பும் ஒன்று. ஒரு ஆளுக்கு ஒரு கைப்பேசிதான் என்பது இன்னொன்று, அதனால் பழையதும் செத்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரவு 11:10க்குத் திறக்கும். இடம் 10:47க்குப் போய்விடும். 23 நிமிடம்!

டெபிட் கார்டை முயன்றேன். அதுவும் அனுமதி கேட்டு அதே செயலியிடம்தான் போய் நின்றது. வங்கியை அழைத்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபின் ஒரு பெண் எடுத்தார். விவரத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சிஸ்டம் தாக் போலே, புவான்" என்றார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. திருடன் பேசினாலும் இப்படித்தானே கெஞ்சுவான். நடத்துபவர்களுக்கு, நாளைக் காலை வரை பொறுக்க முடியுமா என்று எழுதினேன். சனிக்கிழமை யார் பார்ப்பார்கள்? பதில் திங்கட்கிழமைதான் வந்தது, நீட்டிப்பதில்லை என்று.

கிள்ளானில் இருக்கும் அக்காவை அழைத்தேன். "லிங்க்கை அனுப்பு, நான் கட்டிடுறேன்" என்றார். அனுப்பியும்விட்டேன். ஐந்து நிமிடத்தில் அக்கா கூப்பிட்டு, "என் ஐசி நம்பரை எதுக்கு கேக்குது?" என்றார். நல்லவேளை கேட்டார். அந்த இணைப்பு வெறும் பணம் கட்டும் இணைப்பு இல்லை, இடத்தையே எடுத்துக்கொள்ளும் இணைப்பு. அவர் நிரப்பியிருந்தால் இடம் அக்கா பெயருக்குப் போயிருக்கும். பெயர் மாற்றம் கிடையாது என்று அதே மடலில் எழுதியிருக்கிறது. "ஒண்ணும் தொடாதீங்கக்கா, நானே வரேன்" என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

செந்தூலிலிருந்து கொமுட்டர், கேஎல் சென்ட்ரலில் மாற்றம், அங்கே நீண்ட காத்திருப்பு. வீடு போய்ச் சேர்ந்தபோது எட்டரை. அக்கா பூஜை முடித்து வர ஒன்பதேகால். என் பெயரில் படிவம், FPX பட்டியலில் அக்காவின் வங்கி. கடவுச்சொல்லை அவரே தட்டினார், அனுமதியை அவர் கைப்பேசியிலேயே கொடுத்தார். கட்டுபவர் பெயர் வேறாக இருப்பதைப் பற்றித் தளம் எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது. ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து. மறுபடி அழுத்தலாமா என்று கை துறுதுறுத்தது. அக்காதான் தடுத்து, தன் கணக்கில் பார்க்கச் சொன்னார். 950 வெள்ளி போயிருந்தது, FPX பரிமாற்ற எண்ணும் இருந்தது. இந்த நிலையில் இரண்டாவது முறை அழுத்தினால் இரண்டு தடவை கட்ட நேரிடலாம், திரும்ப வாங்குவதற்குள் பட்டறையே முடிந்துவிடும். எண்ணைப் படமெடுத்து நடத்துபவர்களுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தோம். 9:52க்கு உறுதி மடல் வந்தது. அதுவும் Promotionsஇல்தான்.

பட்டறை நாளுக்கு பட்டர்வொர்த் போகும் இடிஎஸ் ரயிலில் டிக்கெட் இல்லை. டிபிஎஸ்ஸிலிருந்து பேருந்து போட்டாயிற்று.

அக்கா வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் புதுக் கைப்பேசி அதிர்ந்தது. மணி 11:10. உங்கள் கைப்பேசி பயன்படுத்தத் தயார் என்று வங்கி சொன்னது.