விறைப்புக் குறைபாடும் என் சாப்பாட்டுத் தட்டும்

விறைப்புக் குறைபாட்டை அளக்க ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. மருத்துவர்கள் அதை ஐஐஇஎஃப்-5 என்பார்கள். விறைப்பு வரும், நிற்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு, உறவுக்குப் போதுமான உறுதி எத்தனை முறை வந்தது, அது நடுவில் தளராமல் நின்றதா, கடைசிவரை காப்பாற்றுவது எவ்வளவு கடினம், உறவு திருப்தியாக இருந்ததா, இவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5, மொத்தம் 25. 22 அல்லது அதற்கு மேல் என்றால் குறை இல்லை என்று வைத்துக்கொள்கிறார்கள். 46 வயதில் எனக்கு 14 வந்தது. லேசானதற்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்ட வகை அது.

தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா?" என்பது. தூக்கத்தில் வழக்கம்போல் வந்து, துணையோடு இருக்கும்போது மட்டும் வராமல் போனால் மனம் சார்ந்த காரணத்தின் பக்கம் சந்தேகம் சாயும். இரண்டுமே குறைந்திருந்தால் ரத்தக் குழாய், நரம்பு, ஹார்மோன், சாப்பிடும் மருந்துகள் என்று தேட வேண்டும். எனக்கு இரண்டும் குறைந்திருந்தன. சில ரத்த அழுத்த மாத்திரைகளும் மனநல மாத்திரைகளும்கூட இதைச் செய்யும் என்பதால் நான் சாப்பிடும் மருந்துகளையும் விசாரித்தார். எனக்கு அப்படி எதுவும் இல்லை.

பரிசோதனையில் காலை நேர டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்தது. மற்றதெல்லாம் சரியில்லை. மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1, அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 240, 150-க்குள் இருக்க வேண்டியது. ரத்த அழுத்தம் 138/88. இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. "உங்கள் பிரச்சினை உறுப்பில் இல்லை, குழாய்களில் இருக்கிறது" என்றார் டாக்டர். ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் ஏறக்குறைய 1 முதல் 2 மி.மீ. அகலம்தான்; இதயத் தமனிகள் 3 முதல் 4 மி.மீ. ஒரே அளவு படிவு படிந்தாலும் சிறியது முதலில் திணறும். அதனால்தான் இந்த வயதில் விறைப்புக் குறைபாடு பல நேரங்களில் நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்பே தலைகாட்டுகிறது. இதய சோதனைகளையும் அப்போதே எடுத்துவிட்டோம். அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை.

சாப்பாடு எங்கே நுழைகிறது என்பதை அவர் சொன்ன விதம்தான் எனக்குப் பிடித்தது. விறைப்பு என்பது அடிப்படையில் ரத்தம் உள்ளே பாய்ந்து தங்குவது. அதற்குக் குழாய்ச் சுவரின் தசை தளர வேண்டும். தளரச் சொல்லும் செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. நரம்பு முனைகள் அதைத் தொடங்கி வைக்கின்றன, குழாயின் உட்படலம் தொடர்ந்து சுரந்து நீடிக்க வைக்கிறது. ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் கூடி, உடலில் மெல்லிய அழற்சி நிரந்தரமாக ஓடிக்கொண்டிருந்தால் அந்த உட்படலம் சோர்ந்துபோகும், வாயுவும் குறையும். விறைப்புக்குத் தரும் சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகள், இந்த வாயு தசைக்குள் எழுப்பும் சமிக்ஞை சீக்கிரம் அழிந்துபோகாமல் காக்கும். ஆனால் செய்தியே பலவீனமாக இருந்தால் மாத்திரையும் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். காய்கறி, பருப்பு, பாதாம், வால்நட் போன்ற கொட்டை, மீன் அதிகமுள்ள மத்தியதரைக் கடல் பாணி உணவு முறை அந்த உட்படலத்தைத் தேற்றுகிறது என்பதுதான் இதற்குப் பின்னால் உள்ள எண்ணம். ஏதோ ஒரு உணவு நேராக விறைப்பைத் தூண்டுகிறது என்பதல்ல. அப்படி வாக்குறுதி தரும் 'இயற்கைப் பொடி' எதைப் பார்த்தாலும் நான் தள்ளி நிற்கிறேன். இவற்றில் சிலவற்றில் சில்டெனாஃபிலையே சொல்லாமல் கலந்திருந்ததைப் பல நாட்டு மருந்துக் கண்காணிப்புத் துறைகள் பிடித்திருக்கின்றன.

அடுத்து உணவு ஆலோசகரிடம் போனேன். ஒரு வாரம் வாயில் போட்டதையெல்லாம் எழுதிவரச் சொன்னார். படித்துவிட்டு அவர் சொன்னதில் ஒன்று இன்றும் நினைவிருக்கிறது: "எதையும் சேர்க்காதீர்கள், மாற்றுங்கள்." இந்த உணவு முறையின் பலனில் பாதி, எதை விட்டுவிட்டு இதைச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் இருக்கிறதாம். வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் கொட்டையும் மீனும் சேர்த்தால் கலோரி கூடும், இடுப்பு பெருக்கும், நோக்கமே கெட்டுவிடும்.

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு தானியம், கால் பங்கு பருப்பு அல்லது மீன் என்று ஆரம்பித்தோம். தானியத்தில் தீட்டியதைக் குறைத்து முழுத் தானியம். இறைச்சி தினமும் என்றிருந்தது வாரத்தில் ஒரு வேளையாகச் சுருங்கியது. அந்த இடத்துக்குப் பருப்பும் பயறும் கொண்டைக்கடலையும் வந்தன. முதல் சில வாரங்கள் வயிறு படுத்திய பாடு கொஞ்சமல்ல. இரவெல்லாம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அளவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியபோது அடங்கியது. இதைத் தாண்ட முடியாமல்தான் பலர் பருப்பைக் கைவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

கீரைக்கு ஒரு தனி வேலை உண்டு. அதிலுள்ள நைட்ரேட்டை நாக்கின் மேலுள்ள பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதிலிருந்து உடல் நைட்ரிக் ஆக்சைடு செய்துகொள்கிறது. பீட்ரூட்டிலும் இதே கதைதான். கிருமிநாசினி சேர்த்த வாய்க் கழுவியை நான் தினமும் பயன்படுத்துவதைக் கேட்டதும் ஆலோசகர் அதை நிறுத்தச் சொன்னார். கிருமியோடு சேர்த்து இந்த உதவிக்காரர்களையும் அது கொன்றுவிடுமாம்.

கொட்டை ஒரு நாளைக்கு 30 கிராம், உப்போ சர்க்கரையோ போடாதது. ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள், நாம் 'ஒரு பிடி' என்று அள்ளுவது பெரும்பாலும் அதைவிட அதிகம். 30 கிராமிலேயே ஏறக்குறைய 180 கலோரி இருக்கிறது. எனவே மாலையில் கொறிக்கும் பொரித்த தீனியின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. மீன் வாரம் இரண்டு முறை, மத்தி மாதிரி கொழுப்புள்ள சிறிய மீன், குழம்பாகவோ வேகவைத்தோ. எண்ணெயில் முக்கிப் பொரித்தால் கணக்கில் சேராது என்று கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் சமைப்பது பெரும்பாலும் நானில்லை. "நீங்க மட்டும் தனியா ஒண்ணு, நாங்க ஒண்ணுன்னு சமைக்க முடியாதுங்க, எல்லாரும் இதையே சாப்பிடுவோம்" என்று மனைவி முடிவெடுத்ததுதான் இது நிலைத்ததற்குக் காரணம்.

மாற்றம் வந்த வரிசையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். முதலில் இறங்கியது ட்ரைகிளிசரைடு. மூன்றாம் மாதச் சோதனையில் 170. அப்புறம் இடுப்பு மெல்லக் குறைந்தது. படுக்கையில் அதுவரை எந்த வித்தியாசமும் இல்லை. காலை விறைப்பு அவ்வப்போது திரும்ப ஆரம்பித்தது அதற்கும் பிறகு. அந்த ஐந்து கேள்விகளும் கடந்த ஆறு மாதத்தை மனதில் வைத்துப் பதில் சொல்ல வேண்டியவை. ஆகவே வாரம் ஒருமுறை தாளை நிரப்பிப் பார்ப்பதில் பொருளே இல்லை.

இடைக்காலத்துக்கு டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார். அதிலும் சாப்பாட்டுக்குப் பங்கு உண்டு: கொழுப்பு மிகுந்த விருந்துக்குப் பின் சில்டெனாஃபில் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். மருந்து கேட்கவில்லை என்று புகார் சொல்பவர்களில் சிலருக்கு இதுதான் காரணம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும்.

ஓர் ஆண்டு முடிவில், மாத்திரை போடாத காலத்தை வைத்து மறுபடி தாளை நிரப்பினேன். 19. சர்க்கரை அளவு 5.7, ட்ரைகிளிசரைடு 148, இடுப்பு 94. பெரிய முன்னேற்றம், ஆனாலும் 22-ஐத் தொடவில்லை. அதே காலத்தில் நான் தினமும் வேகமாக நடக்கவும் ஆரம்பித்திருந்தேன், எடையும் குறைந்தது. எனவே இத்தனை புள்ளியும் சாப்பாட்டால் வந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆய்வுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. இத்தாலியில் 2004-இல் வெளியான சோதனையில் விறைப்புக் குறைபாடுள்ள, உடல் பருமனான 110 ஆண்களில் பாதிப் பேருக்குக் கலோரிக் குறைப்பும் உடற்பயிற்சியும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு ஆண்டில் அவர்களில் 17 பேர் இயல்பு நிலைக்கு வந்தார்கள், மற்ற அணியில் 3 பேர். 2006-இல் அதே குழு மத்தியதரைக் கடல் பாணி உணவைச் சோதித்தபோது 35 பேரில் 13 பேர் 22 புள்ளியைத் தொட்டார்கள், ஒப்பீட்டு அணியின் 30 பேரில் 2 பேர். எனக்குத் தெம்பு தந்தது இந்த இரண்டாவது ஆய்வு. ஆனால் எண்ணிக்கை சிறியது, 35 பேரில் 22 பேருக்கு அந்த இலக்கு எட்டவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான கணக்கில், 60 வயதுக்குள் இருந்தவர்களில் இந்த உணவு முறையை அதிகம் பின்பற்றியவர்களுக்குப் புதிதாகக் குறைபாடு வரும் வாய்ப்பு 22 சதவீதம் குறைவாக இருந்தது. அது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. கொட்டைகளை மட்டும் தனியாக எடுத்த ஸ்பெயின் சோதனையில் தினம் 60 கிராம், 14 வாரம் கொடுத்தும் விருப்பமும் உச்சமும் கூடினவே தவிர விறைப்புப் புள்ளியில் வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் ஏற்கனவே ஆரோக்கியமான ஆண்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

புராஸ்டேட் அறுவையில் நரம்பு பாதித்தவர்களுக்கும், நீண்ட காலச் சர்க்கரையால் நரம்பு தேய்ந்தவர்களுக்கும் தட்டை மாற்றினால் மட்டும் என்னுடைய 5 புள்ளி கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. புகைப்பவர்களுக்கு முதல் வேலை அதை விடுவது. திடீரென்று ஒரேயடியாக நின்றுபோனாலோ, மாடியேறும்போது நெஞ்சு இறுகினாலோ, பருப்பு வேகும்வரை காத்திருக்காமல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

நான் இப்போதும் அதே தட்டில்தான் சாப்பிடுகிறேன், எப்போதாவது மாத்திரையும் போடுகிறேன். முன்பு முழு அளவு மாத்திரை போட்டும் அரைகுறையாக இருந்தது. இப்போது டாக்டர் பாதியாகக் குறைத்துத் தந்த அளவே போதுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கச் சொல்லியிருக்கிறார், அந்த ஐந்து கேள்வித் தாளும் அதோடு சேர்ந்தே வரும்.