விளக்கொளியில் ஒரு முகம்: ஈவீயா, சைக்கிள்ஸா?

மண்ணெண்ணெய் விளக்கைக் கையில் ஏந்தியபடி இருண்ட மாடிப்படிகளில் ஏறும் ஒரு சிறுமியைப் பற்றிய 90 விநாடிக் குறும்படத்தை முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளான பிளெண்டர் 4.5-இல் செய்து வருகிறேன். முகத்தில் ஒளிபட்ட பகுதி ஒரே நிறமாகவும் நிழல்பட்ட பகுதி இன்னொரு நிறமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் கோடு கத்தியால் வெட்டியதைப் போலத் தெளிவாக விழ வேண்டும். இதுதான் நான் விரும்பிய பாணி. காட்சியைப் படமாக்கித் தரும் பிளெண்டரின் ரெண்டர் எஞ்சின்களான ஈவீ, சைக்கிள்ஸ் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியைக் கடைசியில் தீர்த்துவைத்ததும் இந்தக் கோடுதான்.

நேரத்தை வைத்து முடிவெடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் மொத்தம் 2160 ஃபிரேம்கள். என் மடிக்கணினியில் ஈவீ ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 6 விநாடி எடுத்துக்கொண்டது. சைக்கிள்ஸ் சுமார் 75 விநாடி. முழுப் படத்துக்கும் ஒன்றில் நாலு மணி நேரத்துக்குள் வேலை முடியும், மற்றொன்றில் 45 மணி நேரம் ஆகும். பொழுதுபோக்காகச் செய்பவனுக்கு இந்த வித்தியாசம் பெரிதுதான். ஆனாலும் விரும்பிய படம் சைக்கிள்ஸில் மட்டுமே கிடைக்கும் என்றால், சில இரவுகள் கணினியை ஓடவிட்டு அந்த 45 மணி நேரத்தையும் கொடுத்திருப்பேன்.

ஈவீயில் இந்தப் பாணிக்கென்றே ஒரு வழி இருக்கிறது. Diffuse BSDF நோடின் வெளியீட்டை Shader to RGB நோடு வழியாகச் செலுத்தினால், பொருளின் மீது விழுந்த ஒளியே ஒரு நிறமாகக் கைக்கு வந்துவிடும். அதை Color Ramp நோடில் கொடுத்து, இடைக்கணிப்பை Constant என மாற்றினால் இரண்டு நிறங்களும் நடுவில் ஒரு கோடும் கிடைத்துவிடுகின்றன. சைக்கிள்ஸ் Shader to RGB நோடை ஆதரிப்பதில்லை. அங்கே ஒளிக்கதிர்கள் பல திசைகளில் சென்று, பல மாதிரிகளின் சராசரியாகத்தான் ஒரு புள்ளியின் வெளிச்சம் உருவாகிறது. அந்தக் கணக்கு முடியும் முன்பே விடையை எடுத்து மெட்டீரியலுக்குள் பயன்படுத்த வழியில்லை.

ஈவீயில் கோடு உடனே வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. சிறுமி விளக்கை இடுப்பளவுக்குத் தாழ்த்தியதும் முகம் முழுவதும் ஒரே நொடியில் நிழல் நிறத்துக்குள் மூழ்கிவிட்டது. Color Ramp பார்ப்பது ஒளியின் அளவைத்தான். விளக்கின் தொலைவு இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். நான் நிறம் மாறும் எல்லையை 0.5-இல் வைத்திருந்ததால், முகத்தில் ஒளி மிகுந்த இடமும் அந்த எல்லைக்குக் கீழே போய்விட்டது. எல்லையை 0.02 வரை இறக்கிய பிறகே கோடு தன் இடத்தில் நின்றது. அவ்வளவு கீழே வைக்கும்போது, விளக்கு அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், கன்னம் விளக்கை விட்டுத் திரும்பும் இடத்தை ஒட்டியே கோடு விழுகிறது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: World நிறம் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். சுற்றுப்புற ஒளி சிறிதளவு இருந்தாலும் அதுவே 0.02-ஐத் தாண்டி முகம் முழுவதையும் வெளிச்ச நிறமாக்கிவிடும். இரவின் நீலச் சாயலை ஒளியாகத் தராமல், நிழல் நிறத்திலேயே கலந்துவிட்டேன்.

அடுத்து, கன்னத்தின் ஓரத்தில் கோடு ரம்பப் பல்லாகத் தெரிந்தது. சாதாரண மெட்டீரியலில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோகும் சிறு சிறு முகப்புகளை இரண்டே நிறங்கள் அப்படியே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. தலையைச் சுற்றி ஒரு வழவழப்பான உருண்டையை வைத்து, பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சொல்லும் அதன் நார்மல்களை Data Transfer மாடிஃபையர் மூலம் முகத்துக்கு மாற்றினேன். பாதிப் பற்கள் மறைந்தன. மீதிப் பற்களுக்குக் காரணம், முகம் தன் மீதே போட்டுக்கொள்ளும் நிழல். Ray Visibility பகுதியில் தலைக்கான Shadow-வை அணைத்ததும் அவையும் போயின. ஆனால் சுவரில் விழ வேண்டிய தலையின் நிழலும் கூடவே காணாமல் போனது. எனவே தலையின் நகல் ஒன்றைச் சற்றே சுருக்கி உள்ளே வைத்து, நிழல் போடும் வேலையை அதற்குக் கொடுத்தேன். அது வெளித்தோலுக்குள் மறைந்திருப்பதால் கேமராவுக்குத் தெரிவதில்லை.

முகம் இப்படிச் சரியானபோது, ஈவீயின் உண்மையான குறை படிக்கட்டில் தெரிந்தது. ஒரு சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியை அது திரையில் தெரியும் பிம்பத்திலிருந்தே கணிக்கிறது. கேமரா நகர்ந்து வெளிச்சமான சுவர் சட்டகத்தை விட்டு வெளியேறியதும், படிகளின் அடிப்பகுதி காரணமே இல்லாமல் கறுத்துப் போனது. Light Probe வைத்து ஒளியை முன்கூட்டியே பதிவு செய்வது அசையாத விளக்குக்குத்தான் பொருந்தும். இங்கே விளக்கே நடக்கிறது. சைக்கிள்ஸில் இதே காட்சி எந்தத் தந்திரமும் இல்லாமல் அழகாக வந்ததைப் பார்த்தபோது மனம் உண்மையிலேயே தடுமாறியது. கடைசியில் நிழல் போடாத மங்கலான இன்னொரு விளக்கைச் சிறுமியின் பின்னால் கூடவே நகரவைத்து, Light Linking மூலம் அது சுவரையும் படிகளையும் மட்டும் தொடும்படி செய்தேன். அது முகத்தைத் தொட்டால் 0.02 கணக்கு கெட்டுவிடும் அல்லவா? ஈவீக்கு இந்த வசதி 4.3 பதிப்பில்தான் வந்தது, 4.2 வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது.

ஒரே ஒரு ஷாட் மட்டும் ஈவீக்கு அடங்கவில்லை. விளக்கின் கண்ணாடிக் கூண்டு திரையை நிறைக்கும் 3 விநாடி நெருக்கக் காட்சி அது. கூண்டின் முன்சுவர் வழியாகப் பின்சுவரும் அதில் வளையும் சுடரும் தெரிய வேண்டும். ஈவீயில் ஒளியை விலக்கும் ஒரு பரப்புக்குப் பின்னால் இன்னொன்று சரியாகத் தெரிவதில்லை. அந்த 72 ஃபிரேம்களைச் சைக்கிள்ஸுக்கு மாற்றினேன். ஃபிரேமுக்கு 110 விநாடி, மொத்தம் 2 மணி நேரத்துக்குச் சற்று மேல்.

ஆனால் கூண்டைப் பிடித்திருக்கும் விரல்களுக்கும் அதே இருநிறக் கோடு வேண்டுமே. அங்கே கோட்டை நானே கணக்கிட வேண்டியிருந்தது. சுடரின் இடத்தில், ரெண்டரில் தெரியாத வெற்றுக் குறியான ஒரு Empty வைத்து, Texture Coordinate நோடின் Object வெளியீட்டில் அதைத் தேர்ந்தெடுத்தால், Empty-யிலிருந்து தோலின் ஒவ்வொரு புள்ளிக்குமான திசை கிடைக்கும். அந்தத் திசையைத் திருப்பி, Normalize செய்து, Geometry நோடின் Normal உடன் Dot Product எடுத்தால், அந்த இடம் சுடரை எவ்வளவு நேராகப் பார்க்கிறது என்பது தெரிந்துவிடும். அதை Color Ramp வழியாக Emission-க்குக் கொடுத்தேன். முதல் சோதனையில் விளக்கு ஊசலாடும்போதெல்லாம் விரல்களின் நிழல் கோடும் சேர்ந்து சுழன்றது. Empty-யை விளக்கோடு Parent செய்திருந்ததால், அது சாயும்போது அதன் அச்சுகளும் சாய்ந்து, கிடைத்த திசை பிறழ்ந்துவிட்டது. Parent-ஐ நீக்கி Copy Location மட்டும் கொடுத்ததும் கோடு நின்றது. இந்த முறையில் ஒரு விரலின் நிழல் அடுத்த விரலில் விழாது. இந்த ஷாட்டில் விரல்கள் விலகியே இருப்பதால் அது உறுத்தவில்லை. இதே முறையில் முழுப் படத்தையும் எடுத்திருந்தால், கை முகத்தின் குறுக்கே வரும் ஷாட்கள் எல்லாம் கெட்டிருக்கும்.

இரு எஞ்சின்களின் ஷாட்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது தோல் நிறம் பொருந்தவில்லை. பழைய கோப்பிலிருந்து தொடங்கிய ஈவீ காட்சியில், நிறங்களைத் திரைக்கு ஏற்ப மாற்றும் View Transform, Standard ஆக இருந்தது. சைக்கிள்ஸுக்காகப் புதிதாகத் திறந்த கோப்பில் இயல்பாகவே AgX இருந்தது. AgX பளிச்சென்ற நிறங்களை அடக்கி வெளுக்கச் செய்வதால், நான் தேர்ந்தெடுத்த ஊதா நிழல் சாம்பல் பூத்திருந்தது. இரண்டையும் Standard ஆக்கினேன். இப்போது முகத்தின் நிழலும் விரல்களின் நிழலும் ஒரே ஊதாவாக இருக்கின்றன. விளக்கு தாழும் ஷாட்டிலிருந்து கூண்டின் நெருக்கக் காட்சிக்கு மாறும் இடத்தில் கண்ணுக்கு எதுவும் உறுத்துவதில்லை.