டிஸ்ப்ளே மாத்தினது

போன மாதம் ஒரு மத்தியானம், என் பழைய போன் கடைக்குக் கல்லூரிப் பையன் ஒருவன் ஐபோன் 13 ஒன்றை விற்கக் கொண்டுவந்தான். நீலக் கலர், 128 ஜிபி. "ஒரு ஸ்க்ராட்ச் கூட இல்லண்ணே, இருபத்தஞ்சு ஆயிரம் தாங்க" என்றான். கண்ணாடியில் கீறல் இல்லைதான். ஆனால் மூலையில் அலுமினியம் அடிவாங்கி நசுங்கியிருந்தது. மூலை நசுங்கிய போனில் கண்ணாடி மட்டும் புதுப்பெண் மாதிரி மின்னினால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

Settings-இல் General, அதற்குள் About போய்ப் பார்த்தேன். Display என்ற இடத்தில் Unknown Part என்றிருந்தது. கம்பெனி டிஸ்ப்ளே இல்லை, வெளியில் மாற்றியது. பேட்டரி ஹெல்த் 79 சதவீதம். பையனிடம் கேட்டால் விழிக்கிறான். போன் அவன் அண்ணனுடையதாம், போன வருடம்தான் இவனுக்கு வந்ததாம். பில்லிலும் அண்ணன் பெயர்தான்.

"அண்ணனைக் கூட்டிட்டு வா தம்பி" என்றேன். அவனுக்கு முகம் சுருங்கிப்போனது. திருடன் என்று நான் நினைக்கவில்லை. *#06# அடித்து ஐஎம்இஐ எடுத்து, KYM என்று போட்டு அந்த 15 இலக்க எண்ணோடு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்தாகிவிட்டது. பிளாக் லிஸ்ட்டில் இல்லை. ஆனால் திருட்டுப் போன் என்று யாராவது புகார் கொடுத்து அந்த எண் முடக்கப்பட்டிருந்தால்தான் அதில் தெரியும். இந்த போன் யாருடையது, கடன் பாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வராது.

இது நான் காசு கொடுத்துக் கற்ற பாடம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். பாக்ஸ் இருந்தது, பில் இருந்தது, ஐஎம்இஐ சுத்தம். நான் அதை விற்ற மூன்றாவது வாரம் வாங்கியவர் கடைக்கு வந்து நின்றார். திரை முழுக்கத் தவணை கட்டச் சொல்லி ஒரு அறிவிப்பு, வேறெதுவும் திறக்கவில்லை. எனக்கு விற்ற ஆள் இஎம்ஐயில் எடுத்த போன் அது. தவணை நின்றதும் கடன் கொடுத்தவர்கள் லாக் போட்டுவிட்டார்கள். ரீசெட் அடித்தாலும் நெட் கிடைத்ததும் லாக் திரும்ப வந்தது. பில்லை எடுத்துப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர். நான்தான் பார்க்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். போன் இன்னும் என் டிராயரில் கிடக்கிறது. இப்போது பில்லைக் கடைசி வரி வரை படிக்கிறேன். ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்த என்ஓசி இல்லாமல் தொடுவதில்லை.

மறுநாள் சாயங்காலம் அண்ணன்காரர் வந்தார். ரொக்கத்துக்கு வாங்கிய பில், ஆதார் நகல், ஒரு கையெழுத்து. ஆப்பிள் ஐடியும் இன்னும் அவருடையதே. பாஸ்வேர்டு மறந்து, ஓடிபி வாங்கி, போனை அந்த ஐடியோடு பூட்டி வைக்கும் Find My-யை அணைக்க முக்கால் மணி நேரம். பிறகு முழுதாக அழித்து, வைஃபையில் போட்டு, பழைய ஐடி கேட்காமல் முகப்புத் திரை வரை போகிறதா என்று பார்த்த பின்தான் பணத்தை எண்ணினேன்.

விலையை நான் பின்னாலிருந்துதான் போடுவேன். இதே மாடல், குறையில்லாத பீஸ், அந்த மாதம் என் கடையில் 30,000 போனது. டிஸ்ப்ளேக்கு 4,000, பேட்டரிக்கு 2,500 கழித்தால் விற்கும் விலை 23,500. எனக்கு 2,500 வேண்டும். ஆக 21,000. பையன் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தான். அண்ணன்காரர், "கீழ விழுந்து நாந்தான் டிஸ்ப்ளே மாத்துனேன், இவன்கிட்டச் சொல்லல" என்று சிரித்தார்.

போனின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டினேன்: "டிஸ்ப்ளே மாத்தினது, ஒரிஜினல் இல்லை. பேட்டரி 79%. இடது கீழ் மூலை நசுங்கல். ஒரு தடவை பிரிச்ச போன், தண்ணி படக்கூடாது." 'நல்ல கண்டிஷன்' என்று நான் எழுதுவதில்லை, அந்த வார்த்தையை வைத்து யாரும் எதையும் அளக்க முடியாது. கடைசி வரியைப் பல கடைகளில் சொல்லவே மாட்டார்கள். தண்ணீர் புகாமல் இருக்கக் கம்பெனி ஒட்டிய பசை, திரையைக் கழற்றும்போதே போய்விடும். புதுசு ஒட்டினாலும் முன்போல் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பதினோரு நாள் அந்தச் சீட்டோடு கண்ணாடி அலமாரியில் கிடந்தது. இரண்டு பேர் படித்துவிட்டுக் கீழே வைத்துப் போனார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது, சீட்டைக் கிழித்துவிடலாமா என்று கைகூடப் போனது. மூன்றாவதாக வந்தவர் பைக்கில் சாப்பாடு டெலிவரி பண்ணுகிறவர். சீட்டைப் படித்துவிட்டு, "மழையில தாங்குமாண்ணே?" என்றார்.

"தாங்காது."

கொஞ்சம் யோசித்தார். 500 குறைக்கச் சொன்னார், குறைத்தேன். மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் உறையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.